‘சொன்னார்’ என்ற ஒரே சொல்லுக்கு ஓர் ஏணி

கீழே ஒரு சின்னப் பத்தி இருக்கிறது. தெருவுக்குக் கவுன்சிலர் வந்து போனதை ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“நேற்று எங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் வந்தார். குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை திங்கட்கிழமை தொடங்கும் என்று சொன்னார். முடியப் பத்து நாள் ஆகும் என்று சொன்னார். அதுவரை லாரியில் தண்ணீர் வரும் என்று சொன்னார். லாரி சந்துக்குள் வராது என்று மூன்றாம் வீட்டு அம்மா சொன்னார். அப்படியென்றால் முனையில் நிறுத்தச் சொல்கிறேன் என்று சொன்னார். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.”

ஆறு வரிக்குள் ‘சொல்’ ஏழு முறை வந்துவிட்டது. தமிழில் கொஞ்சம் எழுதிப் பழகுகிற எவருக்கும் இது நடக்கும். உடனே கை அகராதிக்குப் போகும். அங்கே கூறு, உரை, மொழி, பகர், செப்பு, இயம்பு, நவில், விளம்பு, புகல் என்று ஒரு படையே நிற்கும். அதிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து, “லாரியில் தண்ணீர் வரும் என்று கவுன்சிலர் இயம்பினார்” என்று போட்டால் படிக்கிறவர் சிரிப்பார். பொருள் தப்பில்லை, ஆனால் லாரித் தண்ணீருக்கும் இயம்புதலுக்கும் ஒட்டவில்லை.

அகராதி சொற்களைக் கொடுக்கிறது. எது எந்த இடத்துக்கு என்பதை எல்லா அகராதியும் கொடுப்பதில்லை. திவாகரம், பிங்கலம் போன்ற பழைய நிகண்டுகள் ஒரு பொருளுக்கு உரிய பல சொற்களை வரிசையாக அடுக்கிவிடும். செய்யுள் எழுதுகிறவருக்கு அது போதும், அவருக்கு வேண்டியது எதுகைக்கும் அசைக்கும் பொருந்தும் ஒரு சொல். நமக்கு வேண்டியது வேறு: மேலே மிக முறையான சொல், கீழே மிகச் சாதாரணப் பேச்சுச் சொல், நடுவில் மற்றவை என்று அடுக்கிய ஓர் ஏணி. அதை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள பத்தியில் ‘சொல்’ ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். உண்மையில் மூன்று வேலை செய்கிறது. “தொடங்கும் என்று சொன்னார்” என்பது ஒருவர் வாயிலிருந்து வந்த செய்தி. “நிறுத்தச் சொல்கிறேன்” என்பது ஏவல். “நன்றி சொன்னார்கள்” என்பதில் ‘நன்றி’யும் ‘சொல்’லும் சேர்ந்து ஒரே வினையாகிவிட்டன. இந்த மூன்றுக்கும் ஒரே ஏணி போட முடியாது. “வரக் கூறினார்” என்று எழுதிப் பாருங்கள், நொண்டும். “வரச் சொன்னார்” என்பதை ஒரு படி உயர்த்தினால் “வருமாறு கூறினார்” என்று வினையின் வடிவமே மாறிவிடுகிறது. அதற்கும் மேலே “வரும்படி கேட்டுக்கொண்டார்”, “வருமாறு அறிவுறுத்தினார்”, “வரப் பணித்தார்” என்று அந்த ஏணி தனியாகப் போகிறது. ஆகவே இப்போதைக்கு முதல் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒரு சோதனை வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “திங்கட்கிழமை வேலை தொடங்கும் என்று அவர் ____.” கிடைக்கிற ஒவ்வொரு சொல்லையும் இந்தக் கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். வாக்கியம் இல்லாமல் சொற்களை மட்டும் எழுதி வைத்தால் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும்.

அப்புறம் சேகரிப்பு. மேல், கீழ் பார்க்காமல் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதலாம். எழுதும்போது வலியுறுத்தினார், எச்சரித்தார், ஒப்புக்கொண்டார், முணுமுணுத்தார், உளறினார் என்றெல்லாமும் வரும். இவை இந்த ஏணிக்கு வேண்டாம். ‘எச்சரித்தார்’ என்பது ‘சொன்னார்’ என்பதன் உயர்ந்த வடிவம் இல்லை. சொன்னதோடு ஆபத்தையும் சேர்த்துச் சொல்கிற வேறு சொல். ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு தனித் தாளில் எழுதி வையுங்கள், பிறகு அதுதான் அதிகம் கைகொடுக்கப் போகிறது.

மீதியை அடுக்கினால் ஏறக்குறைய இப்படி வரும். மேலே முறையானது, கீழே சாதாரணமானது.

நவின்றார், இயம்பினார், பகர்ந்தார்
உரைத்தார்
தெரிவித்தார்
கூறினார்
சொன்னார், என்றார்
சொன்னாரு
…ன்னாரு (“தொடங்கும்னாரு”)

எந்தச் சொல் எந்தப் படி என்று எப்படி முடிவு செய்வது? ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்பது தொடக்கத்துக்குச் சரி, ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். ‘-விட்டார்’ என்பதைச் சேர்த்துப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. சொல்லிவிட்டார், கூறிவிட்டார், தெரிவித்துவிட்டார் மூன்றும் இயல்பாக இருக்கின்றன. இயம்பிவிட்டார், நவின்றுவிட்டார் என்றால் கேலி பண்ணுவது போல இருக்கிறது. அதாவது மேல்படிச் சொற்கள் எல்லா வடிவத்திலும் நடமாடுவதில்லை. சில அச்சுகளில் மட்டும் உறைந்து கிடக்கின்றன. அடுத்து, பேச்சு வடிவமான ‘-ட்டாரு’வைச் சேருங்கள். சொல்லிட்டாரு சரி. கூறிட்டாரு என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. ‘தெரிவிச்சிட்டாரு’ அலுவலகப் பேச்சில் எப்போதாவது காதில் விழும், சமையலறையில் விழாது. ஆக முதல் சோதனை செய்யுள் சொல்லையும் இன்றைய எழுத்துச் சொல்லையும் பிரிக்கிறது. இரண்டாவது எழுத்தையும் பேச்சையும் பிரிக்கிறது. இந்த இரண்டையும் வைத்தே எந்தச் சொல்லுக்கும் ஏணியின் பெரிய பிரிவுகளைப் போட்டுவிடலாம்.

‘கூறு’ எவ்வளவு எழுத்துச் சொல் என்பதற்குக் குழந்தைகளுக்கான டப்பிங் கார்ட்டூன்கள் நல்ல சாட்சி. அதில் எலி பூனையிடம் “சீக்கிரம் கூறு!” என்று கத்தும். நம் வீட்டுக் குழந்தை யாரிடமும் அப்படிக் கத்தாது, கத்தினால் கார்ட்டூன் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று பொருள். ஆனால் அதே சொல் வினாத்தாளில் “காரணம் கூறுக” என்று வரும்போது உறுத்துவதே இல்லை.

இன்னும் ஐயம் இருந்தால் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யைப் பார்க்கலாம். 1992இல் முதல் பதிப்பு வந்தது. சொல்லுக்குப் பக்கத்தில் உயர் வழக்கு, பேச்சு வழக்கு, இலங்கை வழக்கு என்பதற்கெல்லாம் சுருக்கக் குறி போட்டிருப்பார்கள். நிகண்டில் இல்லாத வசதி அது.

இனி ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று பார்ப்போம். எல்லாப் படியும் ஒரே அளவு நேரம் கேட்பதில்லை.

உச்சிப்படிச் சொற்களை இன்று தனியாகப் பயன்படுத்த இடம் மிகக் குறைவு. அவை உயிரோடு இருப்பது சில கூட்டுகளில்தான். விழா அழைப்பிதழில் கடைசி வரியில் ‘நன்றி நவிலல்’ இருக்கும். கிறித்தவ வழக்கில் ‘சாட்சி பகர்தல்’ உண்டு. ‘மொழிந்தார்’ தனியாகச் செய்யுளுக்குப் போய்விட்டது, ஆனால் எந்தச் சங்கக் கூட்டத்திலும் ஒருவர் தீர்மானத்தை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். இந்தக் கூட்டுகளோடு சேர்த்தே அந்தச் சொற்களை ஏணியில் குறித்து வையுங்கள். தனியே எடுத்தால் சறுக்கும். சில சொற்கள் இடமே மாறிப் போய்விட்டன: ‘அறைதல்’ பழந்தமிழில் ஓங்கிச் சொல்லுதல், இன்று “உண்மையை அறைந்தார்” என்று எழுதினால் கன்னத்தைத் தடவத் தோன்றும். ‘செப்பு’ நமக்கு ஏட்டுச் சொல், தெலுங்கில் அதே வேர்தான் அன்றாடப் பேச்சு.

‘உரைத்தார்’ கதையிலும் மேடையிலும் நிற்கும். செய்தியில் நிற்காது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

‘தெரிவித்தார்’ கவனிக்க வேண்டிய சொல். செய்தித்தாளிலும் அரசுக் கடிதத்திலும் அதிகம் புழங்குவதால் இதை ‘சொன்னார்’ என்பதற்கு மாற்றாக எங்கும் போடலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அதன் வேர் ‘தெரி’. கேட்பவருக்கு அதுவரை தெரியாத ஒன்றைத் தெரியவைத்தால்தான் அது தெரிவித்தல். “சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று ஆசிரியர் தெரிவித்தார்” என்று எழுதிப் பாருங்கள், ஏதோ அவசர அறிவிப்பு போல இருக்கும். அங்கே ‘கூறினார்’ போதும். இதே போல ‘குறிப்பிட்டார்’ என்பதையும் பலர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். பெரிய பேச்சில் ஒரு செய்தியை மட்டும் எடுத்துச் சொன்னால் அது குறிப்பிடுதல். ஒருவர் மொத்தமே ஒரு வாக்கியம்தான் பேசினார் என்றால் அதில் எதைக் குறிப்பிட்டார்? அதனால்தான் அதை நான் ஏணியில் வைக்கவில்லை, பக்கத் தாளில் வைத்தேன்.

இங்கே இன்னொன்றும் கண்ணில் படும். ஏணியின் மேல்பகுதி ஒற்றைக் கம்பு இல்லை. ஒரு பக்கம் இலக்கிய நடை: உரைத்தார், நவின்றார். மறுபக்கம் அலுவலக நடை: தெரிவித்தார், தெரிவிக்கப்படுகிறது, ‘தெரிவித்துக்கொள்கிறேன்’. இரண்டும் உயரம்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. வட்டாட்சியருக்கு எழுதும் மனுவில் “இதனால் நவில்வது யாதெனில்” என்று எழுத முடியாது. கதையில் ஒரு பாட்டி பேரனிடம் “தெரிவித்துக்கொள்ள” மாட்டாள். தாளில் எழுதும்போது மேல்படிகளை இரண்டு பத்தியாகப் பிரித்தே எழுதிவிடுவது நல்லது.

‘சொன்னார்’ இருக்கும் படியிலேயே ‘என்றார்’ இருக்கிறது. எழுதப் பழகுகிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். “வருகிறேன் என்று சொன்னார்” என்பதில் ‘என்று’ ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. “வருகிறேன் என்றார்” என்றால் வேலை முடிந்தது. உரையாடல் எழுதும்போது இதைவிட எளிய கருவி தமிழில் இல்லை. பத்து முறை வந்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பேச்சில் இதுவே சுருங்கி ‘-ன்னாரு’ ஆகிறது.

கீழ்ப்படியில் இன்னொரு வழியும் இருக்கிறது: ‘-ஆம்’. “திங்கட்கிழமை வேலை தொடங்குமாம்.” சொன்னவர் யார் என்பதே மறைந்துவிட்டது, ஆனால் யாரோ சொன்னார்கள் என்பது இருக்கிறது. ‘நான் கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையது இல்லை’ என்ற ஒரு விலகலும் கூடவே வருகிறது. ஆகவே கூட்டக் குறிப்பில் இதைப் போடக் கூடாது. வாட்ஸ்அப்பில் அண்ணிக்கு எழுதும்போது இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

இதற்கும் கீழே கொச்சைப் பேச்சில் அளந்தார், அவிழ்த்துவிட்டார், ஓதினார், போட்டுக்கொடுத்தார் என்று வண்டி வண்டியாக இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் சோதனை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். “திங்கட்கிழமை வேலை தொடங்கும்னு அளந்துவிட்டாரு” என்றால் அவர் சொன்னதை நாம் நம்பவில்லை. ‘காதில் ஓதினான்’ என்றால் கெட்ட நோக்கம். ‘போட்டுக்கொடுத்தான்’ என்றால் காட்டிக்கொடுத்தல். கொச்சைச் சொல் பெரும்பாலும் சொன்னவரைப் பற்றிய தீர்ப்பையும் சுமந்துகொண்டே வருகிறது. அதனால் ஏணியின் அடியில் அசல் இணைச்சொற்கள் மிகச் சிலவே தேறும். பக்கத் தாள்தான் நிரம்பும்.

மரியாதையையும் நடையின் உயரத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ‘அருளினார்’, ‘திருவாய் மலர்ந்தருளினார்’ போன்றவை எந்தப் படி? சூழல் எவ்வளவு முறையானது என்பதை அவை காட்டுவதில்லை. பேசியவர் எவ்வளவு உயர்ந்தவர் என்று எழுதுகிறவர் நினைப்பதைக் காட்டுகின்றன. மடத்துத் தலைவருக்கு அது பக்தி; கவுன்சிலருக்குப் போட்டால் கிண்டல். சொன்னான், சொன்னார், சொன்னார்கள் என்பதும் அந்த வேறு கணக்குதான். தொல்காப்பியமே இந்த இரண்டாவது கணக்குக்கு ஓர் ஏணி வைத்திருக்கிறது. சொல்லதிகாரத்தில், ஒன்றைக் கேட்டு வாங்கும்போது தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் ‘ஈ’ என்றும், சமமானவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் ‘கொடு’ என்றும் கேட்பார்கள் என்று விதி இருக்கிறது. இன்று ‘ஈ’ பேச்சில் இல்லை, ‘கொடு’ அன்றாடச் சொல், ‘தாருங்கள்’ கொஞ்சம் மரியாதை கூடியது. படிகள் நகர்ந்துவிட்டன. பழைய நூலில் ஒரு சொல் எங்கே இருந்தது என்பதை வைத்து இன்றைய ஏணியில் இடம் கொடுக்க முடியாது.

சரி, இப்போது அந்தத் தெருப் பத்திக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது யாருக்கு? குடியிருப்போர் சங்கக் குறிப்பேட்டுக்கு என்றால் ‘தெரிவித்தார்’ படியில் நிற்க வேண்டும். நின்றால் சுற்றியுள்ள சொற்களும் கூடவே ஏறும். வேலை ‘பணி’ ஆகும், கவுன்சிலர் ‘மாமன்ற உறுப்பினர்’ ஆவார்.

“குடிநீர்க் குழாய் மாற்றும் பணி திங்கட்கிழமை தொடங்கிப் பத்து நாட்களில் முடியும் எனவும், அதுவரை லாரி மூலம் தண்ணீர் வழங்கப்படும் எனவும் மாமன்ற உறுப்பினர் தெரிவித்தார். சந்துக்குள் லாரி வர இயலாது என்பதைக் குடியிருப்பாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். தெருமுனையில் நிறுத்துமாறு அறிவுறுத்துவதாக உறுப்பினர் உறுதியளித்தார். அனைவரும் நன்றி தெரிவித்தனர்.”

முதல் மூன்று ‘சொன்னார்’களும் ‘எனவும்… எனவும்’ போட்டதில் ஒன்றாகிவிட்டன. ‘சுட்டிக்காட்டினார்’, ‘உறுதியளித்தார்’ இரண்டும் பக்கத் தாளில் இருந்து வந்தவை. அந்த அம்மா உண்மையிலேயே ஒரு குறையைச் சுட்டினார், கவுன்சிலர் உண்மையிலேயே வாக்குக் கொடுத்தார் என்பதால்தான் அவை பொருந்துகின்றன. ‘நிறுத்தச் சொல்கிறேன்’ தன் சொந்த ஏணியில் ஏறி ‘நிறுத்துமாறு அறிவுறுத்து’ ஆகிவிட்டது.

அதையே ஊரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினால்:

“நேத்து கவுன்சிலர் வந்தாரு. திங்கக்கிழமை பைப் வேலை ஆரம்பிக்குமாம். பத்து நாள் ஆகும்னாரு. அதுவரைக்கும் லாரித் தண்ணிதான். சந்துக்குள்ள லாரி வராதேன்னு மூணாம் வீட்டம்மா கேட்டாங்க. அப்போ முனையில நிறுத்தச் சொல்றேன்னாரு.”

ஏழு ‘சொல்’லில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் ஏவல் ‘சொல்’, அதற்கு இந்தப் படியில் மாற்றே இல்லை.

இரண்டு பத்தியிலும் கவனியுங்கள், ஏணியில் மேலும் கீழும் ஓடவில்லை. ‘சொன்னார்’ திரும்ப வருகிறதே என்று பயந்து, ஒரு வரியில் சொன்னார், அடுத்ததில் கூறினார், அடுத்ததில் தெரிவித்தார், அடுத்ததில் குறிப்பிட்டார் என்று சுழற்றுவது செய்தி எழுதுகிறவர்களிடம் உள்ள பழக்கம். படிக்கிறவர் செய்தியை விட்டுவிட்டு வினையை எண்ண ஆரம்பித்துவிடுவார். ஒரு படியைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நின்று, மிஞ்சிப்போனால் அடுத்த படி வரை போகலாம். இரண்டு ‘சொன்னார்’ அடுத்தடுத்து வந்தால் குடி முழுகிவிடாது. ஒரு ‘நவின்றார்’ தவறான இடத்தில் வந்தால் மொத்தப் பத்தியும் போயிற்று. வேண்டுமென்றே படி தாவுவது நகைச்சுவை எழுதுகிறவரின் வேலை. இயம்பிய கவுன்சிலர் அவருக்கு நல்ல பாத்திரம்.

கடைசியாக, கீழ்ப்படிகள் ஊருக்கு ஊர் மாறும். நான் மேலே போட்டது தமிழ்நாட்டில் பரவலாகக் கேட்கும் பேச்சு. யாழ்ப்பாணத்துக்காரர் “அவர் சொன்னவர்” என்பார். நாம் அதைப் படித்தால் வாக்கியம் முடியவில்லை என்று காத்திருப்போம், அவருக்கு அது முடிந்த வாக்கியம். பேசுவது அங்கே ‘கதைக்கிறது’. குமரி மாவட்டத்தின் சில பகுதிகளில் ‘பறைதல்’ இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆகவே ‘கூறினார்’ வரை உள்ள படிகளை இங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே உள்ளதை உங்கள் வீட்டில் யாராவது போனில் பேசும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.